ஃபெஞ்சல் புயல் வெள்ள நிவாரணம்: ஊராட்சித் தலைவர் நேரலையில் முதலில் சொல்ல வேண்டியவை

தென்பெண்ணைக் கரையில், விழுப்புரம் மாவட்டத்து ஊர் ஒன்றுக்காக எழுதியது. நேரலை தொடங்கியதும் அப்படியே வாசிக்கலாம்.

ஊர் மக்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்று 2024 டிசம்பர் 4, புதன்கிழமை, மாலை 6 மணி. தேதியை முதலில் சொல்வதற்குக் காரணம், இந்த வீடியோ நாலு நாள் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றும். அப்போது பார்க்கிறவர்கள் இதைப் பழைய தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சர் நேற்று அறிவித்ததை மட்டும் சொல்கிறேன். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாளுக்கு மேல் வெள்ளம் சூழ்ந்து பிழைப்பு கெட்ட குடும்பங்களுக்கு, ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய். கடையில் தேதி ஒட்டும்வரை யாரும் வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

அந்த 2,000 மட்டும்தான் நிவாரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சேதத்துக்கான தொகை தனி, அது கணக்கெடுப்பில் பெயர் ஏறினால்தான் வரும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குடிசை விழுந்துவிட்டது, அதற்கு 10,000. கறவை மாடு ஒன்று செத்தது, 37,500. ஒன்றேகால் ஏக்கர் நெல் மூழ்கியது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, ஒன்றேகால் ஏக்கர் என்பது ஏறக்குறைய அரை ஹெக்டேர், ஆக 8,500. ரேஷன் பணத்தையும் சேர்த்தால் அந்த வீட்டுக்கு 58,000 ரூபாய். கணக்கெடுப்பில் விடுபட்டால் கைக்கு வருவது 2,000தான்.

விடுபடுவது எங்கே? பயிர் 33 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். அதை கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையினரும் வயலில் பார்த்துத்தான் எழுதுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு உழுதுவிட்டால் பார்க்க எதுவும் இருக்காது. பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, குத்தகைக்குப் பயிர் வைத்தீர்களா? அடங்கலில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று நாளைக்கே கேளுங்கள்.

மாடு, ஆடு செத்திருந்தால் கால்நடை மருத்துவர் பார்க்கும் முன் புதைக்காதீர்கள். ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. நாற்றம் தாங்காமல் புதைத்தே ஆகவேண்டும் என்றால் காதுத் தோடு எண் தெரிகிற மாதிரியும், இடம் தெரிகிற மாதிரியும் படம் எடுத்து, மருத்துவரிடம் போனில் சொல்லிவிட்டுப் புதையுங்கள். குடிசைக்கும் இதே கதைதான்: கீற்றைப் பிரிக்கும் முன் நாலு பக்கமும் படம்.

பணம் வங்கிக் கணக்குக்கு வரும்போது, ரொம்ப நாள் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிக் கிடந்தால் சிக்கல் வரலாம். பாஸ்புத்தகம் வெள்ளத்தில் போயிருந்தால் கிளையில் புதிதாகக் கேளுங்கள். ரேஷன் அட்டை, சான்றிதழ் இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும்: ஆதார் எண், கணக்கு எண் எதையும் கீழே கமெண்டில் எழுதாதீர்கள். பெயர், தெரு, என்ன சேதம், இது மூன்று போதும். இப்போது நீங்கள் எழுதியதைத் தெரு வாரியாகப் படிக்கிறேன். ஆற்றங்கரைத் தெருவிலிருந்து ஆரம்பிப்போம்.