வைப்: புரிகிறது, சொல்ல வரவில்லை

வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வந்த அண்ணன் மகள் சொன்னாள்: "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அத்தை. ஆனால் அந்த வீட்டின் வைப் சரியில்லை." வைப் என்றால் என்னம்மா என்று கேட்டேன். "ஓர் உணர்வு" என்றாள். யாருடைய உணர்வு, உன்னுடையதா? "இல்லை, வீட்டினுடையது." வீட்டுக்கு உணர்வு உண்டா? "அப்படியில்லை, சூழல் என்று வைத்துக்கொள்ளுங்கள்." சற்று நேரத்தில் ஒரு தோழியின் கையெழுத்தைப் பற்றிப் பேசும்போதும் அதே சொல் வந்தது. கையெழுத்துக்கு ஏது சூழல்?

அவள் அந்தச் சொல்லை நாள் முழுவதும் பிழையில்லாமல் பயன்படுத்துகிறாள். பொருள் தெரியாதவரால் அது முடியாது. அப்படியானால் சிக்கல் அவளிடம் இல்லை. அந்தச் சொல்லின் அமைப்பிலேயே இருக்கிறது.

அதன் பிறப்பிலேயே ஒரு தடயம் கிடைக்கிறது. 'அதிர்வு' என்று பொருள்படும் வைப்ரேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. மூலம், அசைவதைக் குறிக்கும் லத்தீன் வினை. மனிதர்களிடமிருந்து கண்ணுக்குத் தெரியாத அதிர்வுகள் கிளம்பி மற்றவரைத் தொடுகின்றன என்ற பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவியுலக ஆர்வலர்களிடம் இருந்தது. 1960களில் அமெரிக்க இளைஞர்களின் வாயில் சொல் சுருங்கிப் பரவியது. அதிர்வு என்றால் ஒரு முனையில் எழுந்து மறுமுனையில் உணரப்படுவது. நம்பிக்கை மறைந்துவிட்டது, அந்த இரண்டு முனைகள் மட்டும் சொல்லுக்குள் தங்கிவிட்டன. 'உணர்வு' என்று விளக்கினால் வீடு விடுபடுகிறது. 'சூழல்' என்றால் உணர்பவர் விடுபடுகிறார்.

உணர்பவர் உண்மையிலேயே உள்ளே இருக்கிறாரா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். "அந்த வீட்டில் நான்கு அறைகள் இருக்கின்றன, ஆனால் நான் அங்கே போனதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். எந்த நெருடலும் இல்லை. "அந்த வீட்டின் வைப் அருமை, ஆனால் நான் அங்கே போனதும் இல்லை, படத்தில் பார்த்ததும் இல்லை" என்று சொன்னால் காது முரண்டு பிடிக்கிறது. 'அருமை' என்பதை 'அருமையாம்' என்று மாற்றினால் போதும், வாக்கியம் சரியாகிவிடுகிறது. பிறர் சொல்லக் கேட்டதற்கென்று தமிழ் வைத்திருக்கும் அந்த 'ஆம்' எவ்வளவு நுட்பமான கருவி! சுவையைப் பற்றிய சொற்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. நேரில் அனுபவித்தவரே சொல்லலாம் என்ற நிபந்தனை அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இன்னொரு தடை இதைவிடக் கடினமானது. மங்கலான மஞ்சள் விளக்கு, பழைய மர நாற்காலிகள், தாழ்ந்த குரல்கள். இவை சேர்ந்தால் ஒரு பழைய நூலகத்தின் இதமான வைப் என்று ஒருவர் பட்டியல் போடலாம். அதே விளக்கும் நாற்காலிகளும் தாழ்ந்த குரல்களும் ஒரு விசாரணை அறையிலும் இருக்கக்கூடும். அங்கே வயிற்றைப் பிசையும். நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, விளக்கு யார் முகத்தில் விழுகிறது என்று சேர்த்துக்கொண்டே போகலாம். எத்தனை சேர்த்தாலும், அத்தனையும் பொருந்தி வைப் மட்டும் வேறாக இருக்கும் ஓர் அறையைக் கற்பனை செய்ய முடிகிறது. அழகியல் சொற்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு என்று ஃபிராங்க் சிப்லி என்ற தத்துவ அறிஞர் 1959இல் வாதிட்டார். ஓர் ஓவியம் நளினமானது என்பதற்குக் காரணம் காட்டலாம். ஆனால் இவை இவை இருந்தால் நளினம் என்று விதி எழுத முடியாது. வழக்கமான வரையறை என்பதோ அப்படிப்பட்ட விதிதான். மூன்று பக்கங்களால் அடைபட்ட வடிவம் முக்கோணம் என்கிறோம், வேலை முடிந்தது. வைப் உறுப்புகளில் இல்லை, அவை ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரு மலையின் உயரம் தெரிந்தும் சொல்ல முடியவில்லை என்றால் வியப்பு. கிளாரினெட்டின் ஓசை தெரிந்தும் சொல்ல முடியவில்லை என்றால் என்ன வியப்பு என்று தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். வைப் கிளாரினெட்டின் பக்கம். அதனால்தான் மக்கள் விளக்குவதை விட்டுவிட்டு ஒப்பிடுகிறார்கள்: 'பழைய நூலக வைப்', 'பரீட்சைக்கு முந்தைய இரவு வைப்'. முன்னால் எதை வைத்தாலும் சொல் ஏற்றுக்கொள்கிறது. கேட்பவர் தன் நினைவிலிருந்து மீதியை நிரப்பிக்கொள்கிறார்.

தமிழில் இதற்கு மிக நெருங்கி நிற்பது 'களை' என்று நினைக்கிறேன். கல்யாணக் களை என்கிறோம், முகத்தில் களை இல்லை என்கிறோம். எது களை என்று கேட்டால் நாமும் திணறுகிறோம். ஒரு வேறுபாடு உண்டு. அடை எதுவும் இல்லாமல் 'களை' என்றால் நல்லதையே குறிக்கும். வைப் எந்தப் பக்கமும் சாயும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி வைப் என்ற சொல்லுக்கு, உணரக்கூடிய ஒரு தனித்த உணர்வு அல்லது தன்மை என்று பொருள் தருகிறது. அந்த 'அல்லது' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. உணர்வு மனிதருடையது, தன்மை பொருளுடையது. அகராதிக்காரரும் என் அண்ணன் மகளைப் போலவே இரண்டு முனைகளுக்கும் இடையில்தான் நிற்கிறார்.