நினைத்து அழைத்தவருக்கு முதலில் சொல்ல வேண்டியது

வெள்ளவத்தையில் உளவளத்துணையாளராகப் பணிபுரியும் என்னிடம், ஓர் அழைப்பை மறுத்ததனால் உறவு கசந்துபோனது என்ற வருத்தத்துடன் வருபவர்கள் பலர். அவர்கள் அனுப்பிய செய்திகளை வாசிக்கும்போது, மறுப்புக்கான காரணங்கள் குறைவாக இருந்ததாக நான் கண்டது மிக அரிது. பெரும்பாலும் காரணங்களே செய்தியை நிரப்பியிருக்கும். அழைத்தவர் தன்னை நினைத்தார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அப்படியொரு நிகழ்வை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லாத ஒரு பெண், கொழும்பில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அவருடைய சித்தியின் மகள், தன் பிள்ளையின் சாமத்திய வீட்டில் ஆலாத்தி எடுக்க வரும்படி அவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஆலாத்தி எடுக்கும் இடத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று நம் குடும்பங்களில் இன்றும் முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையில்லாத ஒரு பெண்ணை அந்த இடத்துக்கு அழைப்பது சும்மா கேட்டுவைத்த கேள்வியாக இருக்க முடியாது. ஆனால் சிகிச்சையின் நடுவில், சுற்றம் முழுவதும் கூடியிருக்கும் மண்டபத்தில், "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்வியை எதிர்கொள்ளும் மனநிலை அந்தப் பெண்ணுக்கு அப்போது இருக்கவில்லை. போகாமல் இருப்பதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

இரண்டு நாள் யோசித்து, வாட்ஸ்அப்பில் நீண்டதொரு செய்தியை அனுப்பினார். அன்று கணவர் கண்டியில் நிற்பார், ஓட்டோவில் நெடுந்தூரம் வந்தால் முதுகு வலிக்கிறது, காலையில் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும், அலுவலகத்திலும் மாத முடிவுக் கணக்கு என்று நான்கு காரணங்கள் அதில் இருந்தன. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "முதுகுக்குக் கஷ்டமெண்டால் நான் கார் அனுப்பிறன் அக்கா. டொக்டரைப் பார்த்திட்டு நேரே வாங்கோ, ஆலாத்தியைக் கொஞ்சம் பிந்தி வைக்கச் சொல்லி ஐயரிட்டக் கேக்கிறன். அத்தான் இல்லாட்டி என்ன, அம்மா உங்களோட நிப்பா."

இதை வற்புறுத்தல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஜூடி டேவிட்சன் 1984 இல் எழுதிய கட்டுரையொன்றில், அழைப்புக்கு மறுப்பு வரும்போது, அல்லது வரும்போலத் தெரியும்போது, அழைத்தவர் அந்தத் தடையை நீக்கும் விதமாக அழைப்பை மாற்றி மீண்டும் முன்வைப்பதை விளக்கியிருக்கிறார். அழைத்தவர் நல்லெண்ணத்தோடுதான் அப்படிச் செய்கிறார். காரணத்தைக் கேட்டவுடன் அதற்கு வழி தேடத் தோன்றுவது அன்புள்ளவர்களுக்கு இயல்பு. நான்கு காரணங்கள் சொன்னால் தீர்ப்பதற்கு நான்கு சிக்கல்களை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம், உண்மையான காரணமோ சொல்லப்படாமல் உள்ளேயே இருந்துவிடுகிறது.

காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்க்கப்பட்டதும் அந்தப் பெண்ணுக்குப் பொய்யைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சாமத்திய வீட்டுக்கு முதல்நாள், காய்ச்சல் என்று அறிவித்தார். விழா வேலைகளுக்கு நடுவிலும் தங்கை கொத்தமல்லி அவித்துப் போத்தலில் எடுத்துக்கொண்டு அன்று மாலையே வீட்டு வாசலில் வந்து நின்றார். காய்ச்சல் இல்லை என்பது கதவு திறந்த கணமே தெரிந்துவிட்டது. போத்தலைக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே அவர் திரும்பிப் போனார்.

சில மாதங்கள் கழித்து இருவரும் பேசியபோது தங்கை சொன்னதை அந்தப் பெண் என்னிடம் அழுதபடி திருப்பிச் சொன்னார்: "நீங்கள் வராதது எனக்குப் பெரிய விசயம் இல்லை அக்கா. உங்களை ஆலாத்திக்குக் கேக்க வேண்டாம் எண்டு சொன்னவையோட நான் சண்டை பிடிச்சனான். அதுக்கு நீங்கள் ஒரு சொல்லும் சொல்லேல்லை."

தங்கை எதிர்பார்த்தது அந்த ஒரு சொல்லைத்தான். அழைப்பில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: 'வா' என்பது ஒன்று, 'உன்னை நினைத்தேன்' என்பது மற்றது. மறுப்பவர் முதல் செய்திக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதி, இரண்டாவதைக் கைவிட்டுவிடுகிறார். வர இயலாமை காரணமாக மறுக்கப்பட வேண்டியது முதல் செய்தி மட்டுமே, இரண்டாவதை முழு மனத்துடன் ஏற்றுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

காரணத்தை விவரிக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்களே என்ற அச்சமே இந்த நீண்ட செய்திகளை எழுதவைக்கிறது. அந்த அச்சம் பெரும்பாலும் மிகையானது. ஜூலியன் கிவி, கொலீன் கர்க் என்ற இருவர் 2023 இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வுகளில், அழைப்பை மறுப்பவர்கள், அழைத்தவரின் கோபத்தையும் ஏமாற்றத்தையும் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே கணிப்பதாகக் கண்டார்கள்.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து, அன்று அனுப்பியிருக்கக்கூடிய செய்தியை எழுதிப் பார்த்தோம். முதல் முயற்சி 'நன்றி' என்று தொடங்கியது, அவருக்கு அது பிடிக்கவில்லை. சொந்தத் தங்கைக்கு நன்றி சொன்னால் தூரத்தில் நிறுத்துவது போல இருக்கும் என்றார். அது சரிதான், நம் வீடுகளில் நன்றி வேறு சொற்களில்தான் வெளிப்படும். கடைசியில் வந்த வரிகள் இவை: "ஆலாத்திக்கு எண்டு நீ என்னை நினைச்சது எனக்கு எவ்வளவு பெரிசு எண்டு உனக்குத் தெரியும். இந்த முறை என்னால வர ஏலாது தங்கச்சி. அடுத்த கிழமை வந்து பிள்ளையைப் பாக்கிறன்."

முதல் வரி எந்த விடயத்துக்காக நினைக்கப்பட்டார் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 'கூப்பிட்டதுக்குச் சந்தோசம்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் தங்கை பிடித்த சண்டையை அது தொட்டிருக்காது. இரண்டாவது வரியில் 'பாப்பம்', 'வரப் பாக்கிறன்' போன்ற சொற்கள் இல்லை. அவை மறுப்பாக ஒலிப்பதில்லை. அழைத்தவர் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்லும்போது உங்களையும் சேர்த்துவிடுவார், ஆலாத்திக்கு வேறொருவரைக் கேட்கவும் மாட்டார். 'ஏன் அக்கா?' என்று தங்கை திருப்பிக் கேட்டால், "கொஞ்சம் சொந்த விசயம், ஆறுதலாச் சொல்லுறன்" என்பது போதும். அது உண்மையாகவும் இருக்கிறது, கார் அனுப்பித் தீர்க்கக்கூடியதாகவும் இல்லை. மூன்றாவது வரியைச் செய்ய முடிந்தால் மட்டுமே எழுத வேண்டும்.

இது எல்லா மறுப்புக்கும் பொருந்தாது. வருவதாக ஒப்புக்கொண்டு, உங்களை நம்பி ஏற்பாடுகள் நடந்த பின்னர் விலகினால், காரணத்தைக் கேட்கும் உரிமை மற்றவருக்கு இருக்கிறது. வேலைத்தலத்தில் ஒரு பொறுப்பை மறுக்கும்போதும் அப்படித்தான். அச்சுறுத்தியோ, எல்லை மீறியோ ஒருவர் அழைக்கும்போது 'இல்லை' என்பதற்கு முன் எந்த நன்றியும் தேவையில்லை.

அந்தப் பெண் பின்னர் தங்கையின் வீட்டுக்குப் போனார். பிள்ளைக்கு வாங்கிய சங்கிலியை விட, கழுவித் துடைத்து எடுத்துப்போன அந்தக் கொத்தமல்லிப் போத்தலைத்தான் தங்கை முதலில் வாங்கினாராம். "நீ இதைக் கொண்டு வந்த நாளே நான் சொல்லியிருக்க வேணும்" என்று தொடங்கியிருக்கிறார் அக்கா.