வெபினார் முடிந்தது, கேப்ஷன் எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்

மருத்துவமனைகளுக்கும் சங்கங்களுக்கும் வெபினார் நடத்திக் கொடுப்பது என் தொழில். பேச்சாளர் மைக்கைச் சரிபார்ப்பதில் தொடங்கி, மறுநாள் "தவறவிட்டவர்களுக்காக" என்று போகும் பதிவு வரை எல்லாம் எங்கள் வேலையில் சேரும். அந்தக் கடைசிப் பதிவை மட்டும் பல இடங்களில் "அது சும்மா ஒரு கேப்ஷன்தானே, நாங்களே போட்டுக்கிறோம்" என்று வாங்கிக்கொள்வார்கள். சமீபத்தில் அப்படி வாங்கிக்கொண்ட ஓர் இடத்தில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாய்க்கடி பற்றிய வெபினார் அது. மருத்துவர் நன்றாகவே பேசினார். மறுநாள் வந்த கேப்ஷன் இப்படி இருந்தது:

> நேற்றைய வெபினாரைத் தவறவிட்டீர்களா? கவலை வேண்டாம்! முக்கியக் குறிப்புகள் இதோ:
> ✅ முதலுதவியின் முக்கியத்துவம்
> ✅ தடுப்பூசி அட்டவணை
> ✅ இம்யூனோகுளோபுலின் யாருக்குத் தேவை?
> ✅ மறுபடி கடித்தால் 2 டோஸ் போதும்
> முழு வீடியோவுக்கு லிங்க் கீழே 👇

கீழே ஓர் அம்மாவின் கேள்வி: "என் பையனைப் போன வருஷம் நாய் கடிச்சுது, ஊசி எதுவும் போடல. இப்ப மறுபடி கடிச்சிருக்கு. ரெண்டு போதும்தானே?"

போதாது. மருத்துவர் சொன்னது வேறு. முன்பு தடுப்பூசி அட்டவணையை முழுமையாக முடித்தவருக்கு மறுபடி கடிபட்டால், 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு டோஸ் போதும், ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஊசியான இம்யூனோகுளோபுலின் தேவையில்லை என்றார். கணக்கில் வருவது முன்பு கடித்ததா என்பதல்ல, முன்பு ஊசி முடித்தாரா என்பது. அந்தப் பையனுக்கு இது முதல் முறை மாதிரிதான். முழு அட்டவணையும் வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது என்பதால், இதை வெறும் எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியவில்லை.

எங்கே பிசகியது என்று தேடினால் விடை ஸ்லைடில் இருக்கிறது. ஸ்லைடில் `Re-exposure: 2 doses (D0, D3), no RIG` என்று ஒரு வரி. RIG என்பது அந்த இம்யூனோகுளோபுலின்தான். நிபந்தனையை மருத்துவர் வாயால் சொன்னார், ஸ்லைடில் எழுதவில்லை. கேப்ஷன் எழுதியவர் ரெக்கார்டிங்கைக் கேட்காமல் ஸ்லைடைப் பார்த்து எழுதிவிட்டார். ஸ்லைடு என்பது பேசுபவர் தனக்காக வைத்துக்கொள்ளும் துண்டுச்சீட்டு. "யாருக்கு", "எப்போது", "எது இருந்தால்" என்பதெல்லாம் பேச்சில்தான் இருக்கும்.

இனி என்னை அதிகம் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ள முதல் மூன்று வரிகளை மறுபடி படியுங்கள். "முதலுதவியின் முக்கியத்துவம்" என்பது குறிப்பா? அது தலைப்பு. அழைப்பிதழில் "இவற்றைப் பற்றிப் பேசுவோம்" என்று நீங்கள் போட்ட அதே வரி. நிகழ்ச்சி முடிந்தும் அதையே திரும்பப் போட்டு, பக்கத்தில் பச்சை டிக் வைத்தால் அது குறிப்பு ஆகிவிடாது. வராதவர் இதைப் படித்துவிட்டு என்ன தெரிந்துகொண்டார்? முதலுதவி முக்கியம் என்று. அது அவருக்கு முன்பே தெரியும்.

கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "எல்லாத்தையும் கேப்ஷன்லயே சொல்லிட்டா யாரு மேடம் வீடியோ பார்ப்பாங்க?" இந்த நினைப்புதான் கோளாறே. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோவைத் திறப்பவர், அதில் தனக்கு ஏதோ இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்ததால் திறக்கிறார். அந்த உறுதியைத் தருவதே முழுதாகச் சொன்ன ஒரு வரிதான். "அட்டவணை" என்று ஒளித்துவைத்தால் ஆவல் பிறக்காது, விரல் மேலே தள்ளிப் போய்விடும். திறக்காமல் போகிறவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டாமா? பஸ்ஸில் நின்றுகொண்டு சத்தமில்லாமல் போனைப் பார்ப்பவருக்கு உங்கள் வெபினார் என்பதே அந்த நாலு வரிதான். வீட்டில் குழந்தையைக் கடித்த அன்று தேடிப் பார்ப்பவர் 70 நிமிடம் உட்கார்ந்து கேட்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

அதே வெபினாருக்கு நான் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்:

> நாய் கடித்ததும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். (12:40)
> முன்பு ஊசி போடாதவருக்குத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போடும் நாள்தான் 0. (24:15)
> முன்பே முழு அட்டவணையும் முடித்தவருக்கு மட்டும், மறுபடி கடித்தால் 0, 3 நாட்களில் இரண்டு டோஸ். உங்களுக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். (41:05)

மூன்றே வரி. இம்யூனோகுளோபுலினை வேண்டுமென்றேதான் விட்டேன். காயத்தின் தன்மையைப் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு அது, ஒற்றை வரியில் அடைக்கப் போனால் மறுபடி நிபந்தனை உதிரும். எதைச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது எதை விட வேண்டும் என்று யோசிக்கச் செலவிடுங்கள்.

அடைப்புக்குள் இருக்கும் நிமிடக் கணக்கு படிப்பவருக்கு மட்டுமல்ல, எழுதுபவருக்கும் கடிவாளம். நிமிடம் போட வேண்டுமென்றால் அந்த இடத்தைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் "முடித்தவருக்கு மட்டும்" என்பது காதில் விழுந்துவிடும். அப்புறம் அந்த வரிகளைப் பேச்சாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று ஒரு வார்த்தை வாங்குங்கள். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். மூன்று வரி படிக்க இருக்கும். நான் கேட்டு இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை, திருத்தித் தந்தவர்கள்தான் அதிகம்.

அடுத்தது லிங்க். அந்தப் பதிவில் அதுவும் வேலை செய்யவில்லை. அங்கே கொடுத்திருந்தது வெபினாரில் சேரும் லிங்க். ஜூமில் இரண்டையும் பார்த்தே பிரிக்கலாம். சேருவதற்கானதில் `/j/` அல்லது `/w/` என்று வரும், ரெக்கார்டிங்கைப் பகிர்வதற்கானதில் `/rec/share/` என்று வரும். முந்தைய நாள் எல்லோருக்கும் அனுப்பிய செய்தியிலிருந்து நகலெடுத்தால் முதலாவதுதான் கையில் கிடைக்கும். சரியான லிங்க்கை எடுத்தாலும், பாஸ்கோடு கேட்கும்படி வைத்துவிட்டு அதைப் பதிவில் சொல்ல மறப்பவர்கள் தனி ரகம்.

கூகுள் டிரைவில் போட்டால் `Restricted` என்பது `Anyone with the link` ஆக வேண்டும், அனுமதி `Viewer` என்றே இருக்க வேண்டும். யூடியூபில் போட்டால் `Private` கூடாது. பொதுவில் தேடலில் வர வேண்டாம் என்றால் `Unlisted` வையுங்கள். லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம், கணக்குத் தேவையில்லை. இதில் உங்களை ஏமாற்றுவது உங்கள் சொந்தக் கணினிதான். நீங்கள் உங்கள் கணக்கில் உள்ளே இருப்பதால் உங்களுக்கு எல்லாமே திறக்கும். "எனக்கு ஓப்பன் ஆகுதே" என்று யாராவது சொன்னால் நான் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள், இல்லையென்றால் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் போனில் திறக்கச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே இன்னொரு பள்ளம் இருக்கிறது. லிங்க்கோடு வேற்றுமை உருபை ஒட்டி, `https://…/abcஇல் பாருங்கள்` என்று எழுதுவது. பல செயலிகள் அந்த "இல்" எழுத்துகளையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், தட்டினால் பக்கம் இல்லை என்று வரும். லிங்க்குக்குத் தனி வரி கொடுங்கள், முன்னும் பின்னும் எதையும் ஒட்டாதீர்கள். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க்கைத் தட்டவே முடியாது, வெறும் எழுத்தாக நிற்கும். அங்கே "👇" போடுவதில் பொருளில்லை. ப்ரொஃபைலில் லிங்க்கை வைத்துவிட்டு அதைச் சொல்லுங்கள், அல்லது ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் போடுங்கள். கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் விரிக்காமலே தெரியும் என்பதால், "தவறவிட்டீர்களா? கவலை வேண்டாம்!" என்பதை அந்த இடத்தில் உட்காரவைப்பது வீண். கழுவச் சொல்லும் வரியை அங்கே வையுங்கள்.

வெளியிடும் முன் ரெக்கார்டிங்கைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். தயவுசெய்து. கேள்வி நேரத்தில் ஒருவர் தன் பெயர், ஊர், மகளின் மருந்து விவரம் எல்லாம் சொல்லியிருப்பார். அந்த அறையில் இருந்தவர்களை நம்பிச் சொன்னது அது, ஊருக்குச் சொன்னதல்ல. அவரிடம் கேளுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டுங்கள். யூடியூப் எடிட்டரில் வெட்டினால் லிங்க் மாறாது, ஆனால் நிமிடக் கணக்கு நகரும். எனவே வெட்டி முடித்த பிறகுதான் கேப்ஷனில் நிமிடங்களைப் போட வேண்டும். "ஹலோ, கேட்குதா சார்?" என்று தொடக்கத்தில் ஓடும் சில நிமிடங்களையும் அப்போதே எடுத்துவிடலாம். சாட் கோப்பை வீடியோவோடு சேர்த்துப் பகிரவே பகிராதீர்கள். ஜூமில் கணினியில் சேமித்த சாட் கோப்பில், ரெக்கார்டு செய்தவருக்கு வந்த தனிச் செய்திகளும் இருக்கும்.

சரி, தவறு நடந்துவிட்டால்? அந்த இடத்தில் ஓசைப்படாமல் கேப்ஷனைத் திருத்திவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் "2 டோஸ் போதும்" என்ற வரி படத்தின் மேலும் எழுதப்பட்டிருந்தது. படத்தை ஏற்கெனவே பலர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பிய செய்தியையே 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும், அடுத்தவர் அனுப்பியதை நாம் தொடவே முடியாது. அதனால்தான் மருந்தளவு, தேதி, தொகை எதையும் படத்தின் மேல் எழுதாதீர்கள் என்கிறேன். தவறு வெளியே போய்விட்டால், "திருத்தம்: நேற்று இரண்டு டோஸ் போதும் என்று எழுதியிருந்தோம், அது முன்பே முழு அட்டவணையும் முடித்தவர்களுக்கு மட்டும்" என்று முதல் வரியில் போட்டுப் புதிய பதிவாகவே வெளியிடுங்கள், பழையது போன அதே குழுக்களுக்கும் அனுப்புங்கள். கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும், முடிந்தால் போனில் கூப்பிட வேண்டும். இதைச் சொன்னபோது "மானம் போகாதா?" என்று கேட்டார்கள். பையனுக்கு ஊசி போட்டாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள், மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.