அந்த 40° எந்தக் கோணம்?

சேலம் அம்மாப்பேட்டையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். திருப்புதல் தேர்வு முடிந்த அன்று, ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி வினாத்தாளை நீட்டி, "சார், இந்த 40 எந்தக் கோணத்துக்குன்னே தெரியல" என்றாள். கையால் வரைந்து, ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த தாள். கோடுகள் தெரிந்தன. பென்சிலால் போட்ட கோண வளைவுகள் மங்கிப்போயிருந்தன.

முக்கோணம் ABC, BC-யின் மேல் D, A-யிலிருந்து D-க்கு ஒரு கோடு. C முனையில் 35 என்றும் படிக்கலாம், 85 என்றும் படிக்கலாம். A முனையில் 40°, அதன் வளைவு பாதிதான் விழுந்திருந்தது. AD = DC, ∠ABD காண்க என்பது கேள்வி. அவள் ∠DAC = 40° என்று எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் மாட்டிக்கொண்டாள்.

மங்கிய படத்தில் முதலில் நம்ப வேண்டியது கேள்வியில் எழுத்தாக இருப்பதைத்தான். AD = DC என்றால் ∠DAC-யும் ∠C-யும் சமம். C-யில் 35 இருந்தாலும் 85 இருந்தாலும் ∠DAC 40 ஆகாது. சரி, அது போயிற்று. இப்போது C 85 என்று வையுங்கள். ∠DAC-யும் 85; வெளிக்கோணம் ∠ADB = 170°. 40° என்பது ∠BAD என்றால் இரண்டும் சேர்ந்தே 210 ஆகிவிடுகிறது. முழு ∠BAC என்றால் 40-க்குள் 85 அடங்காது. ஆகவே C-யில் இருப்பது 35தான்; ∠ADB = 70°.

மிச்சம் இரண்டு வழி. முழு ∠BAC = 40° என்றால் ∠BAD வெறும் 5°, ∠ABD = 105°. கணக்கு இடிக்கவில்லை. இங்கேதான் படத்தைப் பார்க்க வேண்டும். கையால் வரைந்த படத்தில் கோணமானி வைத்து அளந்து பயனில்லை. ஆனால் வரைந்தவர் விரிகோணத்தைக் குறுங்கோணமாகப் போடுவது அபூர்வம். B குறுங்கோணமாகத்தான் இருந்தது. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளைவின் ஒரு நுனி AB-யைத் தொட்டது, மறுநுனி AD-யில் நின்றது, தாண்டவில்லை. அப்போ ∠BAD = 40°, ∠ABD = 180 − 40 − 70 = 70°.

சில படங்களில் இரண்டு பொருளும் நிற்கும். முதலில் அறைக் கண்காணிப்பாளரிடம் தெளிவான தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விடைத்தாளில் படத்தைத் திரும்ப வரைந்து, கோணத்தைக் குறித்து, "∠BAD = 40° எனக் கொள்க" என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். திருத்துபவருக்கு நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்பது தெரிந்தால்தான் அடுத்த படிகளைப் பார்ப்பார்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: படத்தில் போட்டாலும் கேள்வியிலும் ∠BAD = 40° என்று எழுதிவிடுங்கள். ஜெராக்ஸில் வளைவு போனாலும் அந்த எழுத்து நிற்கும்.