அணிக்கோவை: பெயரும் அது தீர்மானிப்பதும்

ஆங்கிலத்தில் டிட்டர்மினன்ட் எனப்படுவதைத் தமிழகப் பாடநூல்கள் அணிக்கோவை என்கின்றன. இலங்கையில் அதற்குத் துணிகோவை என்று பெயர். மூலம் லத்தீனில் ‘வரையறு, முடிவு செய்’ என்ற பொருள் தரும் வினைச்சொல். 1801-இல் காவுஸ் அதை இருபடி வடிவங்கள் தொடர்பான வேறொரு பொருளில் ஆண்டார். இன்றைய பொருளைத் தந்தவர் கோஷி, 1812-இல். மேட்ரிக்ஸ் என்ற சொல்லை சில்வெஸ்டர் கொண்டுவந்தது 1850-இல்தான். ஆக, அணி என்ற கருத்துக்குப் பெயர் வருமுன்பே அணிக்கோவை புழக்கத்தில் இருந்தது. கிராமர் தம் விதியை வெளியிட்டது இன்னும் முந்தி, 1750-இல்.

அணிக்கோவை என்ற பெயர் அது எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறது: சதுர அணியின் உறுப்புகளைக் கொண்டு அமைத்த கோவை. துணிகோவை அது செய்யும் வேலையைச் சொல்கிறது. துணிதல் என்றால் தீர்மானித்தல். மூலச்சொல்லுக்கு நெருக்கமானது இதுவே. தமிழகத்தில் மாணவர்களுக்கு எழுதும்போது அணிக்கோவை என்றே எழுதலாம். ஆனால் அது எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிப்பதில்லை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். k என்ற துணையலகு கொண்ட ஒரு தொகுப்பில் இதைப் பார்ப்போம்.

```
kx +  y +  z =  1
 x + ky +  z =  2
 x +  y + kz = −3
```

கெழுக்களின் அணிக்கோவை Δ. இதை நேரடியாக விரித்தால் முப்படிக் கோவை வரும், பிறகு காரணிப்படுத்த வேண்டும். பண்புகளைப் பயன்படுத்தினால் காரணிகள் தாமாகவே வெளிவரும். முதல் நிரலுடன் மற்ற இரண்டு நிரல்களையும் கூட்டுங்கள். மதிப்பு மாறாது. அந்த நிரல் முழுதும் k+2 ஆகிவிடும், அதை வெளியே எடுக்கலாம். இனி இரண்டாம், மூன்றாம் நிரைகளிலிருந்து முதல் நிரையைக் கழித்தால்:

```
          | 1    1    1  |
Δ = (k+2) | 0   k−1   0  | = (k+2)(k−1)²
          | 0    0   k−1 |
```

முதல் நிரல் வழியே விரிக்கும்போது ஓர் இணைக்காரணி மட்டும் போதும். இங்கே வழக்கமாக நேரும் பிழை ஒன்று: R₁−R₂, R₂−R₁ இரண்டையும் ஒரே படியில், பழைய நிரைகளை வைத்தே செய்வது. இரு நிரைகளும் ஒன்றுக்கொன்று எதிர்க்குறியாகிவிடுவதால் எந்த அணிக்கோவையும் பூச்சியமாகிவிடும். ஒரு படியில் மாற்றப்படும் நிரையை அதே படியில் கருவியாகவும் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து Δ₁. Δ-இன் முதல் நிரலுக்குப் பதிலாக 1, 2, −3 ஆகிய மாறிலிகளை இடவேண்டும். முதல் நிரை வழியே விரித்தால், நடு உறுப்புக்கு எதிர்க்குறி என்பதை மறவாமல்:

```
Δ₁ = 1(k²−1) − 1(2k+3) + 1(2+3k)
   = k² + k − 2 = (k+2)(k−1)
```

இதேபோல் Δ₂ = 2(k+2)(k−1), Δ₃ = −3(k+2)(k−1). கிராமரின் விதி x = Δ₁/Δ என்கிறது. இதற்குக் காரணம் இணைக்காரணிகளின் ஒரு பண்பு. முதல் நிரலின் இணைக்காரணிகளால் மூன்று சமன்பாடுகளையும் முறையே பெருக்கிக் கூட்டினால் y, z-இன் கெழுக்கள் பூச்சியமாகி Δ·x = Δ₁ மட்டும் மிஞ்சும். Δ பூச்சியமாக இல்லாதபோதுதான் இதை வகுக்க முடியும். அப்போது ஒரே தீர்வு: x = 1/(k−1), y = 2/(k−1), z = −3/(k−1).

இந்த விடையில் k+2 நீங்கிவிட்டதால் k = −2 என்பதற்கும் இது பொருந்துவதாகத் தோன்றும். பிரதியிட்டால் −1/3, −2/3, 1 கிடைக்கும், அது சமன்பாடுகளையும் நிறைவு செய்யும். ஆனால் அது ஒரே தீர்வு அல்ல. k = −2 எனில் மூன்று சமன்பாடுகளையும் கூட்ட 0 = 0 வரும். அதாவது மூன்றாவது சமன்பாடு முதல் இரண்டிலிருந்தே கிடைக்கிறது. முழுத் தீர்வு (t − 1/3, t − 2/3, t + 1), t எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். k+2-ஐ நீக்கிய அந்தக் கணமே k ≠ −2 என்று எழுதி வைத்தால் இந்தச் சிக்கல் வராது.

k = 1 எனில்? அங்கும் Δ, Δ₁, Δ₂, Δ₃ நான்கும் பூச்சியம். ‘எல்லாம் பூச்சியம் என்றால் எண்ணற்ற தீர்வுகள்’ என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தவறுவார். சமன்பாடுகளில் இட்டுப் பாருங்கள்: x+y+z என்ற ஒரே கோவை 1, 2, −3 மூன்றுக்கும் சமம் என்கிறது. தீர்வே இல்லை. வடிவியலில் இவை மூன்று இணைத் தளங்கள். k = −2-இல் தளங்கள் ஒரு கோட்டில் சந்திக்கின்றன.

Δ = 0, ஆனால் Δ₁, Δ₂, Δ₃-இல் ஒன்றாவது பூச்சியமில்லை என்றால் தொகுப்பு ஒருங்கமைவு அற்றது என்று உடனே சொல்லிவிடலாம். நான்கும் பூச்சியமானால் அணிக்கோவை எதையும் தீர்மானிப்பதில்லை. அங்கே k-இன் மதிப்பை இட்டு, விரிவுபடுத்தப்பட்ட அணியை ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து அணித்தரங்களை ஒப்பிட வேண்டும். k = 1-இல் கெழு அணியின் தரம் 1, விரிவுபடுத்தப்பட்ட அணியின் தரம் 2. k = −2-இல் இரண்டின் தரமும் 2, மாறிகள் 3, ஆகவே ஒரு மாறிக்கு நாம் விரும்பிய மதிப்பைத் தரலாம்.