B என்றால் பைக்கா, காரா? வெளிநாட்டு லைசென்ஸின் பின்பக்கம்

பினாங்கில் கார், மோட்டார் வாடகைக்கு விடும் கடைகளுக்கு இப்போதெல்லாம் ஆள் வருவதற்கு முன்பே அவருடைய லைசென்ஸ் வந்துவிடுகிறது, வாட்சாப்பில். பெரும்பாலும் முன்பக்கம் மட்டும்தான் வரும். முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, காலாவதி ஆகவில்லை, சரி என்று புக்கிங் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த ஆள் எதை ஓட்டலாம், எந்த நிபந்தனையோடு ஓட்டலாம் என்பது பின்பக்க அட்டவணையில்தான் முழுதாக இருக்கிறது.

லண்டனிலிருந்து வரும் ஒருவரின் அட்டையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் 9 என்ற எண்ணுக்கு எதிரே AM, B என்று இரண்டு பெரிய எழுத்துக் குறிகளும், கூடவே சில சின்ன எழுத்துகளும் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் கடைக்காரர் B-யைப் பார்த்ததும் "மோட்டார் லைசென்ஸ் இருக்கிறது" என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மலேசியாவில் B என்றாலே மோட்டார்தான். 250 சிசி வரை B2, 500 சிசி வரை B1, அதற்கு மேல் B. காருக்கு D. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் கதை வேறு: A மோட்டார், B கார், C லாரி, D பஸ். அதாவது நம் ஊர் D-யை அங்கே ஒருவர் பார்த்தால் பஸ் டிரைவர் என்று நினைப்பார். அவர்களுடைய B-யை இங்கே பார்த்தால் கப்சாய் கொடுத்துவிடுவோம். எழுத்தை நம்பாமல், பின்பக்கத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வண்டிப் படத்தைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. அந்தப் படத்துக்கு எந்த நாட்டிலும் ஒரே அர்த்தம்தான்.

அந்த அட்டவணையில் 9, 10, 11, 12 என்று நான்கு பத்திகள். ஒன்பதில் வண்டி வகை. பத்தில் அந்த வகையை ஓட்ட அனுமதி கிடைத்த தேதி. பதினொன்றில் அது முடியும் தேதி. பன்னிரண்டில் கட்டுப்பாட்டு எண்கள். நம் லண்டன்காரரின் B வரிசையில் 14.08.2009 என்றும், 02.05.2058 என்றும், கடைசியில் 78 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் 4a-வுக்கு எதிரே 12.03.2021, 4b-க்கு எதிரே 11.03.2031.

தேதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 4a, 4b இரண்டும் பிளாஸ்டிக் அட்டையின் ஆயுள். பிரிட்டனில் படத்தைப் புதுப்பிக்கப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை அட்டையை மாற்ற வேண்டும். வண்டி ஓட்டும் உரிமை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது 10, 11-ஆம் பத்திகளில் இருக்கிறது. இவருடைய கார் உரிமை எழுபது வயது வரை ஓடுகிறது. "லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்" என்று ஒரு கடை கேட்டால், 4a-வைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. நேற்று அட்டையைப் புதுப்பித்தவர்கூட 2009-லேயே தேறியவராக இருக்கலாம்.

இனி அந்த 78. இதைத்தான் ரொம்பப் பேர் கண்டுகொள்வதில்லை. 78 என்றால் ஆட்டோ கியர் வண்டி மட்டும். இதில் சுவாரசியம் என்னவென்றால், சட்டம் கியரை எண்ணவில்லை, கிளட்சை எண்ணுகிறது. காரில் கிளட்ச் பெடல் இல்லையா, மோட்டாரில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லையா, அது ஆட்டோ. மலேசியாவின் DA வகைக்கும் இதே அளவுகோல்தான்: கிளட்ச் பெடல் இல்லாத கார். ஆகவே 78 போட்ட B-க்கு இங்கே நேர் ஜோடி DA, D அல்ல. உள்ளூர் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள அனுமதி உள்ளவர்கள்கூட, D-தான் வரும் என்று எண்ணிக்கொண்டு கவுண்டருக்குப் போனால் ஏமாற்றம்தான்.

இதே இடத்தில் இந்திய லைசென்ஸ் எதிர்த் திசையில் போகிறது. சென்னையிலிருந்து வரும் உறவினரின் அட்டையில் MCWOG என்று இருந்தால் கியர் இல்லாத மோட்டார், MCWG என்றால் கியர் உள்ளது. அங்கே எண்ணுவது கியரை. நம் ஹோண்டா இ.எக்ஸ்.5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: காலால் மாற்றும் நான்கு கியர் உண்டு, கை கிளட்ச் கிடையாது. பிரிட்டிஷ் கணக்கில் அது ஆட்டோ. இந்தியக் கணக்கில் கியர் வண்டி, MCWOG போதாது. ஒரே கப்சாய், இரண்டு நாட்டு அட்டைக்கு இரண்டு பதில்.

லண்டன்காரர் ஸ்கூட்டரும் கேட்கிறார் என்றால்? அவருடைய A வரிசைகளில் தேதியே இல்லை. AM மட்டும் இருக்கிறது. அது 50 சிசி வரையிலான மொபெட் வகை. அதற்கு எதிரேயும் 122 என்று ஓர் எண்: அடிப்படை மொபெட் பயிற்சியை முடித்தால்தான் செல்லும் என்று அர்த்தம். 2001 பிப்ரவரிக்குப் பிறகு அங்கே கார் தேர்வில் தேறியவர்களுக்கு இது வழக்கமாக வரும். பத்து ஃபெரிங்கி சாலையில் ஓடும் 110, 125 சிசி வாடகை ஸ்கூட்டர் எதுவும் இந்த வரிசைக்குள் அடங்காது.

"யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன் 26-ஆம் பிரிவு அந்தந்த வகைக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவரை மட்டும் பிடிப்பதில்லை, ஓட்ட விடுபவரையும் பிடிக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியும் ஓட்டியவருக்கு அந்த வண்டியை ஓட்ட உரிமை இருக்க வேண்டும் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. 78 உள்ளவர் மேனுவல் காரை மோதிவிட்டு வந்தால் பழுதுச் செலவு யார் தலையில் விழும் என்பதைக் கடைக்காரர் யோசித்துக்கொள்ளட்டும்.

படத்தில் என்ன தவறும்? அட்டவணைக்குக் கீழே தனியாக ஒரு வரி உண்டு. ஒரு வகைக்கு எதிரே இருக்கும் எண் அந்த வகைக்கு மட்டும். கீழ் வரியில் இருக்கும் எண் எல்லா வகைக்கும். படம் எடுப்பவரின் கட்டைவிரல் சரியாக அங்கேதான் உட்காரும். 01 பெரும்பாலும் அங்கே இருக்கும்: கண்ணாடியோ லென்ஸோ அணிந்துதான் ஓட்ட வேண்டும். முன்பக்கப் படத்தில் ஆள் கண்ணாடி இல்லாமல் இருப்பார், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொரு பொறி: ஃப்ளாஷ் பட்டு முதல் இலக்கம் வெளுத்துப்போனால் 101 என்பது 01 போலத் தெரியும். 101 என்பது வாடகைக்கோ கூலிக்கோ ஆள் ஏற்றி ஓட்டக்கூடாது என்ற தடை. 1997-க்கு முன் தேறிய பிரிட்டிஷ்காரர்களின் D1 மினிபஸ் வரிசையில் இது சாதாரணமாக இருக்கும். குடும்பத்தோடு வேன் எடுக்கும் மாமாவுக்கு அதனால் சிக்கல் இல்லை. அதே வேனில் சுற்றுலா ஓட்டிக் காசு வாங்க நினைத்தால் சிக்கல்தான்.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அச்சான பிறகு உரிமை பறிக்கப்பட்டிருந்தால் அட்டை அதைச் சொல்லாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் லைசென்ஸுக்கு அதற்கும் வழி உண்டு. உரிமையாளர் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒரு சரிபார்ப்புக் குறியீடு எடுத்து அனுப்பலாம். அந்தக் குறியீட்டையும் லைசென்ஸ் எண்ணின் கடைசி எட்டு எழுத்துகளையும் போட்டால், எந்தெந்த வகை இப்போது செல்லும், என்ன கட்டுப்பாடு என்று கடைக்காரர் தன் திரையிலேயே பார்த்துவிடலாம். குறியீடு 21 நாள் செல்லும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை அப்படியே அடிக்க வேண்டும். விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் கேட்டு வாங்கினால் போதும்.