வாடகை பைக் எடுக்கும் முன்: கறுப்பு நம்பர் பிளேட், டெபாசிட், ஒரு வீடியோ

புதுச்சேரியிலோ கோவாவிலோ வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கப் போனால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் அது வாடகைக்கென்றே பதிவான பெட்ரோல் வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் யாரோ ஒருவரின் சொந்த வண்டி.

இதற்குப் பின்னால் இருப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவும், அதன்கீழ் 1997-ல் மத்திய அரசு கொண்டுவந்த மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டமும். கடைக்காரர் போக்குவரத்துத் துறையிடம் உரிமம் வாங்கித்தான் பைக்கை வாடகைக்கு விட வேண்டும். “வாடகை வண்டி ஓட்ட தனி லைசென்ஸ் வேண்டாமா?” என்று சிலர் பயப்படுவார்கள். வேண்டாம். இந்தத் திட்டத்தில் எடுக்கும் பைக்கை நம் சாதாரண லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று சட்டத்தின் 3-வது பிரிவே சொல்கிறது. ஆனால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர் புல்லட் எடுக்க முடியாது.

வெள்ளை பிளேட் வண்டி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். சிக்கல் விபத்தில்தான் தெரியும். சொந்த உபயோகத்துக்கு என்று போட்ட இன்சூரன்ஸில், வாடகைக்கு விட்டால் செல்லாது என்று நிபந்தனை இருக்கும். நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். சந்தேகமாக இருந்தால் mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் வகை என்ற இடத்தில் Used For Hire என்று வரும். இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது டெபாசிட். அசல் லைசென்ஸைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். பாஸ்போர்ட்டை எக்காரணம் கொண்டும் அடகு போல வைக்கக் கூடாது. சட்டப்படி அது அரசின் சொத்து. பணமாகக் கொடுப்பதே நல்லது. அதையும் யு.பி.ஐ.யில் அனுப்பி, குறிப்பில் ‘டெபாசிட், திருப்பித் தர வேண்டியது’ என்று எழுதிவிடுங்கள். வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாக அனுப்பினால் எது வாடகை, எது டெபாசிட் என்று பிறகு வாதாட வேண்டியிருக்கும். எதற்கெல்லாம் பிடிப்பார்கள், எப்போது திருப்பித் தருவார்கள் என்பதை ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்குங்கள். “சேதம் இருந்தால் பிடிப்போம்” என்ற ஒற்றை வரிக்குக் கையெழுத்துப் போட்டால் தொகையை அவர்தான் முடிவு செய்வார்.

என் நண்பர் ஒருவர் மூன்று நாளுக்கு ஸ்கூட்டர் எடுத்து 2,000 ரூபாய் டெபாசிட் கட்டினார். திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் நேராகக் குனிந்து, கால் வைக்கும் பலகைக்குக் கீழே இடது ஓரத்தில் இருந்த கீறலைக் காட்டினார். 1,200 ரூபாய் போய்விட்டது. நண்பரிடம் போட்டோ இல்லாமல் இல்லை. நான்கு இருந்தன, எல்லாம் வண்டியோடு அவர் சிரித்துக்கொண்டு நிற்பவை!

குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள்தான் முக்கியம். வண்டி சாய்ந்தால் முதலில் தரையில் படுவது ஹேண்டில் பார் நுனி, பிரேக் லீவர் முனை, கண்ணாடி, சைலன்சர், ஸ்கூட்டரின் கீழ் ஓரம். இவற்றோடு ரிம்மில் ஒடுக்கு, சீட்டில் கிழிசல், ஹெட்லைட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரத்தோடு வண்டியைக் கொடுத்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் கீறல் தெரியாது.

போட்டோவைவிட வீடியோ மேல். நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, நிறுத்தாமல் ஒரு சுற்று வந்து, கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிய முடியுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் கிட்டத்தில் ஒரு போட்டோ, கொஞ்சம் தள்ளி நின்று ஒரு போட்டோ. கிட்டத்துப் படம் மட்டும் இருந்தால் அது எந்த வண்டியின் எந்தப் பக்கம் என்று தெரியாது. எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்கள் போனில் மட்டும் இருப்பதற்கும், வண்டி அவர் வாசலில் நிற்கும்போதே அவருக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

அப்புறம், தெருமுனை வரை ஓட்டி இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். டயர் மொழுக்கையாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதால் இரண்டாக வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போதும் அதே சுற்று வீடியோ, “வண்டியை ஒப்படைத்துவிட்டேன்” என்று ஒரு செய்தி. கேமராவில் விழுந்த அபராதம் சில நாள் கழித்து உரிமையாளருக்குத்தான் வரும். சலானில் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் வண்டி யார் கையில் இருந்தது என்பதை இந்தச் செய்தி சொல்லிவிடும். டெபாசிட்டைத் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.